கடுஞ்சொல்லின் எடை



காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியம் வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். வாழைத்தாரைச் சீப்பாக அரிந்து, வழியும் பாலைப் படிகார நீரில் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கூடம் ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். அக்கூடத்திற்கு ஐரோப்பிய வணிகர் ஒருவரின் ஆங்கில மடல் வருவதாகக் கற்பனை செய்வோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது இவ்வாறு அமையும்: “20 பெட்டிகளில் 6-இல் பால்கறை. இது ஏற்கத்தக்கதன்று. ஏன் முன்னரே சொல்லவில்லை? வியாழனுக்குள் கழுவும் தொட்டியின் படம் அனுப்பு. படம் இல்லையேல் அடுத்த சரக்கு இல்லை.”

இதைப் படிக்கும் கூடத்தார் முகம் வாடுவர். மொழிபெயர்ப்பாளர் அவ்வாட்டத்திற்கு அஞ்சி, “சில பெட்டிகளில் சிறு கறை இருந்ததாம், முடிந்தால் படம் அனுப்பினால் நலம் என்கிறார்” என்று எழுதிவிட்டால் மனம் புண்படாது, படமும் போகாது. முன்னது பழி, பின்னது இழப்பு.

முதற்பிழை எங்கே நேர்ந்தது? ‘அனுப்பு’ என்னும் ஒருமையில். இன்றைய ஆங்கில முன்னிலைச் சொல்லில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. வணிகர் யாரையும் ஒருமையில் அழைக்கவே இல்லை. அவமதிப்பைச் சேர்த்தவர் மொழிபெயர்ப்பாளரே. ஈ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல், தா என்பது ஒத்தோன் சொல், கொடு என்பது உயர்ந்தோன் சொல் என்று தொல்காப்பிய எச்சவியல் வகுக்கிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் ஒரே ஏவல் போதும். ஆகவே படிநிலையைத் தமிழில் தேர்வது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. ‘அனுப்புங்கள்’ என்பது மென்மைப்படுத்தல் அன்று, சரியான பெயர்ப்பே.

பணிவுமொழி பற்றி 1978-இல் பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு (1987-இல் தனி நூலானது) ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழையும் சான்றாகக் கொண்டது. விரைவும் தெளிவும் முதன்மையாகும் இடத்தில் பூச்சின்றிப் பேசுவது இகழ்ச்சியாகாது என்பது அதில் சொல்லப்படும் செய்திகளுள் ஒன்று. தீப்பிடித்த வீட்டில் யாரும் ‘தயவுசெய்து’ என்று தொடங்குவதில்லை அல்லவா? பழச்சரக்கு நாளுக்கு நாள் கனிவது. அவ்வணிகரின் சுருக்கம் அந்த விரைவிலிருந்தும் வரலாம்.

‘ஏற்கத்தக்கதன்று’ என்பதில் ஓர் ஐயம் உண்டு. ஆறு பெட்டிக்கும் பணம் தரமாட்டார் என்பதா, இத்தரம் போதாது என்பதா? முன்னதானால் அது கணக்குச் செய்தி. தெரியாவிடில் வணிகரையே கேட்டுக்கொண்டு பின்னர் எழுதவேண்டும், ஊகித்து எழுதலாகாது.

‘ஏன் சொல்லவில்லை’ என்பது தமிழில் விடை வேண்டாத வசை. அதைப் படித்தவர் மன்னிப்புக் கேட்டு மடல் எழுதுவார், காரணம் எழுதமாட்டார். வணிகரோ காரணத்திற்காகவே காத்திருப்பார். ஆதலின், ‘காரணத்தை அறிய விரும்புகிறார்’ என்று வினாவை வினாவாகவே நிறுத்தவேண்டும்.

இனி, தொடக்கூடாதவை மூன்று: எண், நாள், நிபந்தனை. ‘20-இல் 6’ ‘சில’ ஆகக்கூடாது. ‘வியாழன்’ யாருடைய வியாழன் என்பதும் தெளிவாகவேண்டும். ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதைவிடக் குளிர்காலத்தில் நான்கரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்தங்கியது. ‘முடிந்தால்’, ‘கொஞ்சம்’ என்னும் நம் இனிய சொற்கள் நிபந்தனையை விருப்பமாக்கிவிடும். மரியாதையை வினைமுற்றில் வைக்கலாம், நிபந்தனையில் வைக்கலாகாது.

இவ்வாறு பார்த்தால் மடல் பின்வருமாறு அமையும், பணம் பற்றிய ஐயத்தைக் கேட்டு, தரத்தைத்தான் குறித்தார் என்று அறிந்ததாகக் கொள்வோம்: “20 பெட்டிகளில் 6-இல் பால்கறை இருந்தது. இத்தரத்தில் அவர்கள் சரக்கை ஏற்பதில்லை. முன்னரே தெரிவிக்கப்படாததன் காரணத்தை அறிய விரும்புகிறார். கழுவும் தொட்டியின் படத்தை வியாழன் மாலை, நம் நேரம் 5 மணிக்குள் அனுப்புங்கள். படம் வந்தால்தான் அடுத்த சரக்கு எடுப்பார்கள்.” மாலை 5 மணி என்பது அவர்தம் நாள் முடியுமுன் படம் சேரவேண்டி மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த பாதுகாப்பு, அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடவேண்டும்.

அவர் உண்மையிலேயே சினந்திருந்தால்? அவருடைய பழைய மடல்களைப் பார்க்கவேண்டும். பாராட்டையும் இரண்டே சொல்லில் முடிப்பவரானால் சுருக்கம் அவர் இயல்பு. வழக்கமாகப் பெயர் சொல்லி விளிப்பவர் விளியை விட்டிருந்தாலோ, ‘மீண்டும்’ என்று எழுதியிருந்தாலோ, மேலாளருக்குப் படி அனுப்பியிருந்தாலோ அது சினமே. அப்போது அதை மறைக்காமல், ‘இது இரண்டாம் முறை என்று வருந்துகிறார்’ என்று கூடத்தாருக்குச் சொல்லவேண்டும்.

அனுப்புமுன், மூலத்தைக் காணாத ஒருவரிடம் தமிழ் மடலைத் தந்து, “நாளை என்ன செய்வீர்கள்?” என்று கேட்கலாம். “தொட்டியைப் படம் எடுப்போம், வியாழன் ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும், முன்னரே ஏன் தெரிவிக்கவில்லை என்றும் எழுதவேண்டும்” என்று அவர் சொன்னால் மடல் போகலாம். “மன்னிப்புக் கேட்போம்” என்று மட்டும் சொன்னால், மூன்றாம் தொடருக்கு மறுபடி திரும்பவேண்டும்.