எதனால் வகுக்கிறோம்?

எதிரே என் ஆசிரியர்களும் இருப்பதால் குரல் சற்று நடுங்குகிறது. ‘அமில மண்ணும் பயறுவகைப் பயிர்களும்’ என்ற பொதுத்தலைப்பை அமர்வுகள் விரிவாகப் பேசும். நான் நெடுநாளாய் நெஞ்சில் உறுத்தும் ஒரு பூசலுக்கு வருகிறேன்.

சுண்ணாம்பின் அளவைப் பரிமாற்ற அலுமினியத்தைக் கொண்டு முடிவுசெய்யலாம் என்று காம்பிராத் 1970இல் எழுதினார். பயிர் தாங்கும் அளவுக்கு அலுமினியத்தைக் குறைத்தாலே போதும் என்று காக்ரேன், சலினாஸ், சாஞ்செஸ் மூவரும் 1980இல் அதைச் சமன்பாடாக்கினர். எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அலுமினிய நிறைவு விழுக்காடு காண எதனால் வகுக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

பிரேசிலின் செராடோ நிலங்களைப் போன்ற ஒரு செம்மண்ணில் சோயா விதைப்பதாகக் கொள்வோம். கிலோ மண்ணில் அலுமினியம் 1.2 சென்டிமோல் மின்சுமை. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்து 0.8. மொத்தம் 2.0, அலுமினிய நிறைவு 60 விழுக்காடு. அதே மண்ணைப் பிஎச் 7 அமோனியம் அசிட்டேட்டில் அளந்தால் பரிமாற்றத் திறன் 8 என்று வரலாம். அந்த எட்டால் வகுத்தால் நிறைவு 15 ஆகிவிடும். சோயாவுக்கு இலக்கு 20 என்பதால் சுண்ணாம்பே வேண்டாம் என்றாகிறது! அந்தக் கரைசல் எழுப்பும் கூடுதல் மின்சுமை, பிஎச் 4.5 உள்ள வயலில் இல்லவே இல்லை. என் கட்டுரை ஒன்றை இந்த எட்டைக் காட்டித்தான் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் திருப்பி அனுப்பினார். இன்றும் அவரோடு உடன்பட முடியவில்லை.

சரியான கணக்கைப் பார்ப்போம். 2.0இல் 20 விழுக்காடு 0.4. நீக்க வேண்டியது 0.8. கரிமப் பொருளின் அமிலமும் சுண்ணாம்பில் ஒரு பங்கைத் தின்பதால் 1.5ஆல் பெருக்கினால் 1.2. சில மண்ணுக்கு இந்தக் காரணியை 2 வரை உயர்த்த வேண்டியிருக்கும். 20 செ.மீ. ஆழத்தில் எக்டேருக்கு மண் இரண்டாயிரம் டன் என்றால், ஒரு சென்டிமோலுக்கு ஒரு டன் கால்சியம் கார்பனேட், ஆக 1.2 டன். கையில் உள்ள சுண்ணாம்பின் நடுநிலையாக்கும் திறன் 80 விழுக்காடென்றால் 1.5 டன் இடவேண்டும்.

எட்டை நம்பி விட்டுவிட்ட வயலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்நுனி தடித்துக் குட்டையாயிருக்கும், பக்கவேர் அரிது, முடிச்சுகள் விரல்விட்டு எண்ணுமளவுதான். இட்ட சுண்ணாம்பும் எளிதில் கீழிறங்காது என்பதால் 20 செ.மீ.க்குக் கீழுள்ள மண்ணையும் தனியே சோதிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்: இங்கே வாசிக்கும் ஒவ்வொரு அட்டவணையிலும் பரிமாற்றத் திறன் எந்தக் கரைசலில், எந்தப் பிஎச்சில் அளக்கப்பட்டது என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். எழுதாத அட்டவணையைப் பற்றி நான் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பேன்.