வரி யார் கட்டுவது?

பங்காருபாளையத்தில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காளஹஸ்தியில் கலம்காரித் துணி வாங்கி விற்கிறார். 2025 நவம்பரில், அமெரிக்காவில் உள்ள ஓர் அம்மா அவரிடம் 4,000 ரூபாய்க்குத் துணி கேட்டார்.

“பணம் அனுப்பட்டுமா?” என்றார் அந்த அம்மா.

“கொஞ்சம் பொறுங்கம்மா. வரி எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா.

ஏன் பொறுக்கச் சொன்னார்? முன்பெல்லாம் 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நின்றுபோனது. நம் தபால் துறையும் அந்த மாதம் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. அக்டோபர் 15-ல் மீண்டும் தொடங்கியது. ஆனால் ஒரு மாற்றம். அமெரிக்க வரியை, அனுப்புகிறவரிடமே இங்கே வாங்கிக்கொண்டார்கள். அப்போது விகிதம், பொருள் மதிப்பில் நூற்றுக்கு 50.

கணக்கைப் பாருங்கள். 4,000 ரூபாய்த் துணிக்கு வரி 2,000 ரூபாய். அந்தத் துணியில் அக்காவுக்கு லாபம் 800 ரூபாய்தான். வாடிக்கையாளரிடம் சொல்லாமல் துணிக்கும் தபாலுக்கும் மட்டும் பணம் வாங்கியிருந்தால், கைப்பணத்தில் 1,200 ரூபாய் போயிருக்கும்.

தனியார் கூரியரில் வேறு வழக்கம் உண்டு. வரியைப் பெறுகிறவரிடம், கையாளும் கட்டணமும் சேர்த்துக் கேட்பார்கள். அவருக்கு முன்பே தெரியாவிட்டால், “எனக்கு வேண்டாம்” என்று மறுத்துவிடலாம். அப்போது வரியும் திருப்பி அனுப்பும் செலவும் அனுப்பியவர் தலையில் விழும்.

அக்கா தபால் ஆபீசில் விசாரித்து இப்படி எழுதினார்:

“துணி விலை 4,000 ரூபாய். தபால் கட்டணம் தனி. உங்கள் நாட்டு இறக்குமதி வரி, இன்றைய விகிதப்படி 2,000 ரூபாய். இந்த வரி உங்களுடையது. அனுப்பும் நாளில் விகிதம் மாறினால் தொகையும் மாறும். சம்மதம் என்றால் எழுதி அனுப்புங்கள். அதன் பிறகே ஆர்டர் உறுதி.”

அந்த அம்மா, “பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி வராதே?” என்று கேட்டார். 100 டாலர் வரை பரிசுக்கு விலக்கு இருந்தது உண்மை. ஆனால் விற்ற பொருள் பரிசு ஆகாது. சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அனுப்புகிறவர். பொய் என்று தெரிந்தால் பார்சல் சுங்கத்தில் மாட்டும். அக்கா மறுத்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்து, அந்த அம்மா சம்மதம் எழுதினார். வரிப் பணமும் சேர்ந்து வந்தது. பிறகுதான் பார்சல் கட்டினார் அக்கா.

வரி விகிதம் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகக் கேளுங்கள். எவ்வளவு, யார் கட்டுவது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.