இருபது வினாடியில் ஒரு புதிர்

கைபேசியில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரும் விளையாட்டு விளம்பரங்களில், ஊசிகளைச் சரியான வரிசையில் உருவி ஒரு மனிதரைக் காப்பாற்றச் சொல்லும் புதிரைப் பார்த்திருப்பீர்கள். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற இரண்டு விளையாட்டுகளுக்கும் அப்படித்தான் விளம்பரம் வந்தது. இறக்கிப் பார்த்தால், ஒரே மாதிரியான மூன்று பொருள்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் ஆட்டம். 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரங்களுக்குத் தடை போட்டது. எல்லாக் காட்சிகளும் உண்மையான ஆட்டம் அல்ல என்று திரையில் ஒரு குறிப்பு இருந்தது. அது போதாது என்று ஆணையம் சொல்லிவிட்டது.

புதிர் விளையாட்டுக்கு டிரெய்லர் எழுதுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: உள்ளே இருக்கும் ஆட்டம்தான் திரையில் ஓட வேண்டும். அதை வைத்துக்கொண்டே ஆளை இழுக்க முடியுமா என்று கேட்டால், நன்றாகவே முடியும். 2014-இல் வந்த 2048 என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பதினாறு கட்டம் கொண்ட பலகை. விரலால் ஒரு பக்கம் தள்ளினால் எல்லா எண்களும் அந்தப் பக்கம் ஒதுங்கும். ஒரே எண் இரண்டு மோதினால் கூடி ஒன்றாகும். இதற்கு இருபது வினாடியில் ஒரு டிரெய்லர் எழுதிப் பார்க்கலாம்.

முதல் நான்கு வினாடிக்கு வெட்டே வேண்டாம். நிறுவனத்தின் சின்னமும் வேண்டாம். இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்காகிறது. நான்கும் நான்கும் சேர்ந்து எட்டாகிறது. பார்க்கிறவருக்கு விதி புரிந்துவிட்டது. அடுத்த ஆறு வினாடியில் ஆறு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சேர்க்கை: 32, 64, 128, 256, 512, 1024. அதற்கடுத்த ஆறு வினாடி மறுபடியும் வெட்டில்லாத ஒரே காட்சி. இசை அடங்குகிறது. பலகை ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஒரே வரிசையில் இரண்டு 1024. நடுவே வழிமறிக்கிற ஒரு சின்ன 2. அதை எப்படி விலக்குவது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும்போதே காட்சியை நிறுத்திவிட வேண்டும். விடையைக் காட்டிவிட்டால் அவருக்கு இறக்கிக்கொள்ளக் காரணமே இல்லாமல் போகும்.

இனி தாளம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள இசையை எடுத்தால் ஒரு தட்டு சரியாக அரை வினாடி. வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 15 ஃபிரேம். கணக்கு மிச்சமில்லாமல் வருகிறது. 110 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்குப் பதினாறரைக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறு பதினாறாக வெட்டிக்கொண்டே போனால் சிறிது நேரத்தில் படம் இசையைவிட முந்திக்கொள்ளும். காரணம் தெரியாமலே பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும்.

பலரும் கோட்டை விடுகிற இடம் இன்னொன்று. விரல் தள்ளத் தொடங்கும் நொடியைத் தட்டில் வைத்துவிடுகிறார்கள். எண் நகர்ந்து மோத 2048-இல் பத்தில் ஒரு வினாடி ஆகிறது, அதாவது மூன்று ஃபிரேம். தள்ளுவது தட்டுக்கு மூன்று ஃபிரேம் முன்பே தொடங்கினால்தான் எண்கள் கூடும் கணம் தட்டின் மேல் விழும். பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள் என்பதால் இது இன்னும் முக்கியம். காது கேட்காத தாளத்தை அந்த மோதல்தான் கண்ணுக்குக் கொடுக்கிறது.

காட்சிகளைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் 1024 வரை ஆடிக்கொண்டிருக்க முடியாது. பலகையை வேண்டியபடி அடுக்கித் தரும் சோதனைப் பதிப்பை நிரலாளரிடம் கேட்டு வாங்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த நிலை ஆட்டத்தில் உண்மையிலேயே வரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் புதிதாக ஒரு 2 அல்லது 4 முளைக்கும். ஒட்டு வேலையில் அது விடுபட்டால் ஆடிப் பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிரெய்லர் முடிந்ததும், இந்த விளையாட்டையே அறியாத ஒருவருக்கு ஒலியில்லாமல் போட்டுக் காட்டி, எப்படி ஆடுவது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் முதல் நான்கு வினாடியைத் திருத்தி எழுத வேண்டும்.

கடைசி நான்கு வினாடி விளையாட்டின் பெயருக்கும் அழைப்புக்கும். சமூக ஊடக விளம்பரம் என்றால், "இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள், இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்" என்ற வரியும், நிதானமாகப் படிக்கிற அளவுக்கு நேரமும் வேண்டும். செயலிக் கடையின் பக்கத்தில் ஓடும் படமானால் இறக்கும் பொத்தான் அதே பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அந்த அழைப்பை எடுத்துவிட்டு, நடுவில் நிற்கும் அந்த 2-ஐ இன்னும் மூன்று வினாடி கூடுதலாகக் காட்டலாம்.