கைபேசிப் படத்தை வெட்டி ஒட்டுவது எப்படி?

(தோட்டக் குடும்பங்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நாங்கள் அம்பாறைக் கரையோரம் கல்முனையில் இருந்து வந்திருக்கிறோம். பக்கத்து ஊரான மருதமுனை கைத்தறிக்குப் பேர்போனது. அங்கே ஒரு ராத்தா நெய்யும் சாரிகளை விற்க உதவுவதற்காகக் கைபேசியில் ஒரு படம் எடுத்தோம். அதில் ஒரு பிழையும் விட்டோம். இரண்டையும் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

எடுத்தது ஐந்து துண்டுகள், ஆறு நிமிடம். காசில்லாமல் கிடைக்கும் CapCut செயலியில் New project தொட்டு, ஐந்தையும் வரிசையாகத் தெரிந்து சேர்த்தோம். திரையின் கீழே அவை நீளப் பட்டையாக வரும். நடுவில் நிற்கும் வெள்ளைக் கோடுதான் கத்தி. வெட்டும் இடத்தைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து, துண்டைத் தொட்டு Split அழுத்தினால் இரண்டாகும். வேண்டாததைத் தொட்டு Delete கொடுத்தால் போய்விடும். இடம் சரியாகப் பிடிபடாவிட்டால் இரண்டு விரலால் பட்டையை விரித்துப் பெரிதாக்கலாம்.

முதலில் வெட்டியது ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் முடிவையும்தான். கை ஆடுவது, "எடுக்குதா?" என்று கேட்பது எல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு தறியின் தாளத்தைக் கேட்டோம். நாடா குறுக்கே ஓடும், உடனே 'டக்' என்று அடி விழும். நாடா ஓடும்போது வெட்டினால் படம் துள்ளுகிறது. அடி விழுந்தவுடன் வெட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. உங்கள் மலையிலும் அப்படித்தான். கொழுந்து கிள்ளின கை கூடைக்குப் போய் முடிந்த பிறகு வெட்டுங்கள், பாதிக் கையில் வெட்டாதீர்கள்.

கை வேலைக்கு 3 விநாடி, முழுத் தறிக்கு 5, நாடாவுக்கு 3, ராத்தா பேசுவதற்கு 20, முடிந்த சாரிக்கு 6. ஆக 37 விநாடி. முழுத் தறிக்குக் கூட நேரம் கொடுத்த காரணம், அதில் பார்க்க நிறைய இருக்கிறது. ஒரு கை மட்டும் தெரியும் படத்தை அவ்வளவு நேரம் வைத்தால் ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

இனிப் பிழைக்கு வருவோம். ராத்தா சொன்னது இது: "தம்பி, நெய்யத் தொடங்கினா ரெண்டு நாளையில ஒரு சாரி இறங்கும். ஆனா பாவு ஓட்டித் தறியில ஏத்தவே நாலு நாள் போகும்." நீளமாக இருக்கிறதென்று முதல் வாக்கியத்தோடு வெட்டிவிட்டோம். படத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர் ஒரு வாரத்தில் மூன்று சாரி கேட்டார். ராத்தாவால் கொடுக்க முடியவில்லை. "நான் சொன்னத நீங்க ஏன் விழுங்கினீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

நல்ல காலம், மூலப் படத்தைக் கைபேசியில் அழிக்கவில்லை. பேச்சுத் துண்டைத் தொட்டால் இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை தெரியும். வலது கரையை வெளியே இழுத்தோம், வெட்டின பேச்சு திரும்பி வந்தது. படம் 43 விநாடி ஆனது. ஆறு விநாடி கூடினதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்தப் பேச்சின்மேல் எழுத்தும் போட்டோம். Text, பிறகு Add text தொட்டு "நெய்ய 2 நாள், பாவு ஏற்ற 4 நாள்" என்று தமிழில் அடித்தோம். வெள்ளை நூலின்மேல் வெள்ளை எழுத்து தெரியாது, ஆகவே பின்னால் கறுப்புப் பட்டை வைத்தோம். முகத்தையும் கையையும் மறைக்காத இடம் பார்த்து வையுங்கள். நீங்களே இரண்டு தடவை மெதுவாக வாசித்து முடிக்கும்வரை எழுத்து நிற்க வேண்டும். பட்டையின் ஓரத்தை இழுத்தால் நேரம் கூடும். சில அழகு எழுத்துகள் தமிழுக்கு மாறாது, அது உங்கள் பிழையல்ல.

Pro என்று குறியிட்டவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் கடைசியில் Export கொடுக்கும்போது காசு கேட்கும்.

அனுப்புமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். சத்தத்தை நிறுத்தி, படம் எடுக்கும்போது கூட இல்லாத ஒருவரிடம் காட்டி என்ன விளங்கியது என்று கேளுங்கள். அடுத்து, படத்தில் பேசினவரிடமே காட்டுங்கள். "இத்தனை கிலோ எடுத்தாத்தான் ஒரு பேர், குறைஞ்சா அரைப்பேர்" என்று உங்கள் அக்கா சொன்னதில் பின்பாதியை வெட்டினால், பார்ப்பவருக்கு அவர் சம்பளம் வேறாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அக்காவால்தான் முடியும்.

இப்போது கைபேசியை எடுங்கள், ஒரு துண்டை வெட்டிப் பார்ப்போம்.