வேகத்தை அடக்குவதா, தாளத்தை மீட்பதா?



ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறுக்கு இரண்டு வழிகளில் வைத்தியம் பார்க்கிறோம். தாளம் தப்பியே இருக்கட்டும், துடிப்பின் வேகத்தை மட்டும் குறைத்தால் போதும் என்பது ஒரு வழி. பழைய ஒழுங்கான தாளத்தையே மீட்க வேண்டும் என்பது இன்னொரு வழி. எது மேல் என்ற கேள்விக்கு 2002-ல் ஒரு பதில் வந்தது. 2020-ல் வேறொரு பதில் வந்தது. இந்த மாற்றம் ஏன் என்று புரிந்துகொண்டால், எந்த நோயாளிக்கு எந்த வழி என்பதும் தெளிவாகும்.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. மேலறையில் எழும் தாறுமாறான மின்தூண்டல்கள் நிமிடத்துக்கு 350-க்கும் மேல். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. நோடு என்ற திசு அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து, ஒரு பகுதியைக் கீழே விடுகிறது. அதனால்தான் நாடி 130, 140 என்று ஒழுங்கில்லாமல் ஓடுகிறது. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்ஸின் ஆகியவை இந்த நோடை இன்னும் கெடுபிடியாக்கும் மருந்துகள். மேலறையின் நடுக்கம் அப்படியே இருக்கும். கீழறைக்கு மட்டும் ஓய்வு கிடைக்கும்.

2002-ல் அஃபர்ம் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 4,060 பேர், சராசரி வயது 70. பாதிப் பேருக்கு வேகக் கட்டுப்பாடு. பாதிப் பேருக்கு மருந்தாலும் மின்னதிர்ச்சியாலும் தாளத்தை மீட்கும் முயற்சி. தாளத்தை மீட்டவர்கள் கூடுதல் நாள் வாழ்வார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. இரு குழுவிலும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது போதிய அளவில் எடுக்காதவர்கள். தாளம் திரும்பிவிட்டதே, இனி எதற்கு மருந்து என்று நிறுத்தியது ஆபத்தாக முடிந்தது.

2020-ல் ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு வந்தது. நோய் கண்டுபிடித்து ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேரை எடுத்துக்கொண்டார்கள். தாளத்தைத் தொடக்கத்திலேயே மீட்க முயன்ற குழுவில் இதயநோய் மரணம், பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காகவோ மாரடைப்பு வகைக் கோளாறுக்காகவோ ஆஸ்பத்திரி சேர்க்கை ஆகியவை சேர்ந்து 100 பேருக்கு ஆண்டுக்கு 3.9, மற்ற குழுவில் 5.0. மருந்துகளைத் தேர்ந்தெடுத்த விதமும், பிற்பாடு கிடைத்த அப்ளேஷன் வசதியும் இதற்கு உதவியிருக்கலாம். ஆனால் அஃபர்மிலிருந்து முக்கியமான வேறுபாடு இரண்டு. ஒன்று, சீக்கிரம் தொடங்கினார்கள். மேலறை நடுங்க நடுங்க அது விரிந்து, தழும்பேறி, நடுக்கத்துக்கே பழகிவிடுகிறது. பிறகு மீட்பது கடினம். இன்னொன்று, தாளம் திரும்பிய பின்னும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பெரும்பாலோர் விடவில்லை.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 58, பள்ளி ஆசிரியர், ரத்த அழுத்தம் உண்டு. மூன்று மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஈசிஜி-யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வேகம் 140. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 40 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது.

முதல் மருந்து, ரத்தம் உறையாமல் தடுப்பது. எந்த வழியை எடுத்தாலும் இது தனிக் கணக்கு. இவருக்கு ரத்த அழுத்தமும் இதயப் பலவீனமும் இருப்பதால் அவசியம். புதிய மாத்திரைகளில் ஒன்று போதும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவராக இருந்திருந்தால் வார்ஃபரின்தான் கொடுக்க வேண்டும். அடுத்து, வேகத்தைக் குறைக்க பைசோப்ரோலால். டில்டியாசெம் பலவீனமான இதயத்தை இன்னும் தளர்த்தும் என்பதால் இவருக்கு ஆகாது. ஓய்வில் 110-க்குக் கீழே வந்தால் தொடக்கத்துக்குப் போதும். மணிக்கட்டில் மட்டும் நாடி பார்த்தால் ஏமாறுவோம். வலுவற்ற துடிப்புகள் கைக்கு எட்டாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ண வேண்டும்.

வேகம் 85-க்கு வந்தும் மூச்சிரைப்பு விடவில்லை. நடுத்தர வயது, புதிய நோய், பலவீனமான இதயம், அடங்காத தொல்லை. நான்குமே தாளத்தை மீட்கச் சொல்கின்றன. எனவே கார்டியோவெர்ஷன். மயக்கம் கொடுத்து, நெஞ்சில் பட்டைகள் ஒட்டி, ஈசிஜி-யின் ஆர் அலையோடு இசைத்து ஒரு மின்னதிர்ச்சி. அப்படி இசைக்காமல் தவறான கணத்தில் பட்டால் கீழறையே நடுங்கத் தொடங்கிவிடும்.

அதற்கு முன் மூன்று வாரம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் வழி எக்கோ செய்து இடது மேலறைப் பையில் ரத்தக்கட்டி இல்லை என்று பார்க்க வேண்டும். பின்னும் குறைந்தது நான்கு வாரம் தொடர வேண்டும். காரணம், ஈசிஜி சீரானாலும் மேலறை சில வாரம் திகைத்துப்போய் மந்தமாகவே சுருங்கும். புதிய கட்டி உருவாகும் காலம் அது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே செய்கிறோம்.

ஆசிரியருக்குத் தாளம் திரும்பியது. இரண்டு மாதத்தில் திறன் 55 ஆனது, மாடி ஏறினார். கார்டியோவெர்ஷன் நோயைக் குணப்படுத்துவதில்லை. பலருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடும். ஆனால் மூச்சிரைப்புக்கும் இதயப் பலவீனத்துக்கும் இந்தத் தாளம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடுகிறது. ஆறு மாதத்தில் நோய் திரும்பியபோது அடுத்த முடிவு எளிதானது.

அது கத்தீட்டர் அப்ளேஷன். நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேரும் இடத்திலிருந்துதான் பெரும்பாலும் இந்த நடுக்கம் கிளம்புகிறது என்று பிரான்ஸின் போர்தோ நகரில் ஹைசாகேரும் சக மருத்துவர்களும் 1998-ல் காட்டினார்கள். தொடைச் சிரை வழியே குழாயைச் செலுத்தி, இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்துப் போய், அந்த வாய்களைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ மின் துடிப்பாலோ வளையமாகத் தழும்பு உண்டாக்குகிறோம். விட்டுவிட்டு வரும் வகையில் பலன் அதிகம். தொடர்ந்து நீடிக்கும் வகையில் குறைவு, இரண்டாம் முறை தேவைப்படலாம். முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும் தாறுமாறான துடிப்பைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். புண் ஆறும் காலம் அது. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது, பக்கவாதம் ஆகிய ஆபத்துகள் உண்டு. மிக அரிதாக, குறிப்பாக வெப்ப முறையில், பின்னால் உள்ள உணவுக்குழாயில் ஓட்டை விழலாம். சில வாரம் கழித்துக் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால், அப்ளேஷன் நடந்ததைச் சொல்லி உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நிலையில் எண்டோஸ்கோபி செய்யக் கூடாது.

இப்போது 80 வயது மூதாட்டி ஒருவரை நினையுங்கள். பல ஆண்டாக இதே நோய், மேலறை மிகவும் விரிந்திருக்கிறது, நாடி 90, வீட்டு வேலைக்குத் தடை இல்லை. இவருக்கு மின்னதிர்ச்சியும் அப்ளேஷனும் பெரிதாக எதையும் தரப்போவதில்லை. வேகக் கட்டுப்பாடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துமே சரியான வைத்தியம். அவருக்கு எதையும் மறுத்துவிட்டதாக ஆகாது.

ஆக, 2002-ன் பதில் அந்த மூதாட்டிக்கும், 2020-ன் பதில் அந்த ஆசிரியருக்கும் பொருந்துகிறது. ஆசிரியர் விஷயத்தில் தாமதம்தான் பெரிய நஷ்டம். புதிதாக நோய் தெரிந்தவர், வேகம் அடங்கியதோடு திருப்தியடையாமல், தாளத்தை மீட்க வழியுண்டா என்று முதல் ஆண்டிலேயே கேட்டுவிட வேண்டும். எந்தப் பதில் கிடைத்தாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.