வங்கி மறுக்கும் பணம்

மருதமுனையில் கைத்தறித் துணி வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணி. கிரிக்கெட் ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டும் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் தமது வங்கி அட்டையின் இலக்கத்தைப் பதிந்து, 20,000 ரூபாய் செலுத்த முயல்கிறார். சில விநாடிகளில் மறுப்பு வருகிறது. கணக்கிலே பணம் இருக்கிறது, அட்டையும் காலாவதியாகவில்லை. பின் எதனைக் கண்டு வங்கி மறுத்தது?

நான்கு இலக்கங்களைக் கண்டு. அட்டைமூலம் பணம் பெறும் ஒவ்வொரு வியாபாரிக்கும், அவருடைய தொழில் இன்னதென்று காட்டும் குறியீடு ஒன்று உண்டு. பலசரக்குக் கடைக்கு 5411, மருந்துக் கடைக்கு 5912, பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் 7995. பணம் கேட்கப்படும்போது தொகையோடு இக்குறியீடும் வங்கியின் கணினிக்குச் செல்கிறது. 7995 வந்தால் மறுத்துவிடுக என்று கட்டளையிட்டிருந்தால், கணினி அவ்வாறே செய்கிறது. வாடிக்கையாளர் என்ன வாங்கினார் என்பதை அது அறியாது; எத்தகைய வியாபாரியிடம் போனார் என்பதையே அறியும்.

இக்கட்டளைக்குக் காரணங்கள் பல. சில நாடுகளில் சட்டமே தடுக்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகள், லொத்தர்ச் சீட்டு வாங்குவதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை விலக்குகின்றன. பிரித்தானியாவில் 2020 ஏப்ரல் 14 முதல் கடனட்டையால் சூதாட முடியாது. தோற்கும் பணம் கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாதென்பதே அதன் கருத்து. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கும் நட்டந்தான். இஸ்லாமிய முறையில் இயங்கும் வங்கிக்கோ வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மைசிர் எனப்படும் சூதாட்டம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதைக் கல்முனைக் கரையில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

ஆயினும், வாடிக்கையாளர் தாமே கேட்டுப் பெறும் தடைதான் இங்கே முக்கியமானது. பிரித்தானியாவில் மொன்சோ, ஸ்டார்லிங் என்னும் வங்கிகள் 2018இல் அத்தகைய தடையைத் தொடங்கின. மொன்சோவில் தடையை ஏற்படுத்துவது உடனே நிகழும். நீக்கவோ 48 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்திலேதான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது. சூதாடும் வேட்கை இரவிலே எழுவது. இரண்டு நாள் கழித்து அது பெரும்பாலும் தணிந்திருக்கும்.

நம் வியாபாரியின் வங்கிச் செயலியில் இவ்வாறான வசதி இல்லையென்றால், அவர் கிளை முகாமையாளருக்குக் கடிதம் எழுதலாம். காரணம் கூற வேண்டிய கட்டாயம் இல்லை. தமது பெயரிலுள்ள எல்லா அட்டைகளிலும், இனிப் புதுப்பித்துத் தரப்படும் அட்டைகளிலும், 7995 என்ற குறியீட்டுடன் வரும் கொடுப்பனவுகளை மறுக்கும்படி அதில் கேட்க வேண்டும். தாம் நேரில் வந்து எழுத்தில் கேட்டாலன்றித் தடையை நீக்க வேண்டாமென்றும் சேர்த்தல் நன்று. எழுத்திலே பதில் பெறுவது அவசியம். குறியீட்டின்படி தடுக்க இயலாது என்று வங்கி சொன்னால், அட்டையின் இணையவழிக் கொடுப்பனவு வசதியை முற்றாக மூடும்படி கேட்கலாம். அதனால் விமானச் சீட்டு வாங்குவதும் சிரமமாகும். அந்தச் சிரமத்தைத் தாங்கத்தான் வேண்டும். பதிலே வராவிட்டால் முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், பின்னர் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கும் எழுதலாம்.

இத்தடைக்கு ஓட்டைகளும் உண்டு. சில தளங்கள் சாதாரணக் கடையின் குறியீட்டுக்குள் ஒளிந்து பணம் பெறுகின்றன. கணக்கறிக்கையில் அறியாத வெளிநாட்டுக் கடையின் பெயர் அடிக்கடி வருமானால் அதுவே அடையாளம். இன்னும் பெரிய ஓட்டை, முகவர் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணத்தை மாற்றுவது. கணக்கிலிருந்து கணக்குக்குச் செல்லும் பணத்தோடு வியாபாரிக் குறியீடு எதுவும் செல்வதில்லை; அட்டையில் தடுக்கப்பட்ட அதே 20,000 ரூபாயும் அவ்வழியே தடையின்றிப் போய்விடும். ஆகையால் நாளொன்றுக்கு இணையவழியாக மாற்றக்கூடிய தொகையையும் அதே கடிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். காசைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தயக் கடைக்குப் போகிறவரை எந்த வங்கியும் தடுக்க இயலாது.

மனைவி கடிதம் எழுதினால் நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நடவாது. கணக்கு யாருடையதோ அவருடைய கையொப்பத்தின் பேரிலேயே வங்கி செயற்படும். அவருடைய கணக்கு விவரங்களை வேறெவருக்கும் சொல்லாது. கணவர் உடன்பட்டால், குடும்பச் சேமிப்பை இருவரும் கையொப்பமிட்டாலன்றி எடுக்க முடியாத கூட்டுக் கணக்குக்கு மாற்றலாம். அத்தகைய கணக்குக்கு வங்கிகள் வழக்கமாக அட்டை கொடுப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்தப் பணத்தைத் தொட வழியில்லை. காலையில் கிளை திறக்கும்வரை, இருவரும் சேர்ந்து வரும்வரை, அது அங்கேயே இருக்கும்.