அம்மாவுக்கு எவ்வளவு வரும்?

அரசுப் பணியில் ஓய்வுபெற்று, எழுபதைக் கடந்த அப்பாவிடம் "எவ்வளவு சேத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். "அப்பா, பென்ஷன் புத்தகத்துல அம்மா பேரு சரியா இருக்கா, பார்ப்போமா?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

பழைய திட்டத்தில், கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் அப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் பாதி, 30,000. அவருக்குப் பின் அம்மாவுக்கு 30 சதவீதம், அதாவது 18,000. அகவிலைப்படி தனி. ஆனால் வாடகையோ அம்மாவின் மாத்திரைச் செலவோ குறையாது. குறையும் 12,000 ரூபாயை எந்த டெபாசிட்டின் வட்டி ஈடுகட்டும் என்று மூவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால், அப்பா இருக்கும்போதே அவரை விண்ணப்பிக்கச் சொல்லித் திருத்திவிடுங்கள்.